போன பிறந்தநாளுக்கு ரஷ்ய மொழியில் வாழ்த்துவது எப்படி?

கேள்வி: குர்ஸ்க்கில் மருத்துவம் படித்தபோது கூடப் படித்த ரஷ்யத் தோழி ஒருத்தி. இப்போது அங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பிறந்தநாள் போய் நாலு நாள் ஆகிவிட்டது, எனக்கு இன்றுதான் ஞாபகம் வந்தது. அகராதியைப் பார்த்து "С запоздалым днём рождения!" என்று ஒன்று கோத்து வைத்திருக்கிறேன். இதை அனுப்பலாமா? ரொம்பக் கெஞ்சுகிற மாதிரியும் இருக்கக் கூடாது, கடமைக்கு அனுப்பின மாதிரியும் இருக்கக் கூடாது. நான் ஆண், பேச்சு ரஷ்யன் சுமாராக வரும், எழுதத்தான் தடுமாற்றம்.

பதில்:

அதை அனுப்பாதீர்கள். இலக்கணப் பிழை ஏதும் இல்லை, ஆனால் பழி தவறான ஆளின் மேல் விழுகிறது. ஸபஸ்தாலி என்றால் நேரம் கழித்து வந்தது. நீங்கள் எழுதியதை அப்படியே படித்தால் "தாமதமாக வந்த பிறந்தநாளுக்கு" என்று பொருள். பிறந்தநாள் சரியான தேதியில்தான் வந்தது, தாமதமானது உங்கள் வாழ்த்து. அந்தச் சொல்லை வாழ்த்தின் மேல் வைத்து "தாமதமான வாழ்த்து" என்று சொன்னால் ரஷ்யனிலும் சரிதான். பிறந்தநாளின் மேல் வைத்தால் காதில் இடிக்கும்.

ரஷ்யர்கள் சொல்வது இது:

```
С прошедшим днём рождения!
```

ஸ் ப்ரஷேட்ஷிம் த்ன்யோம் ரஷ்தேனியா. ப்ரஷேட்ஷி என்றால் கடந்துபோன. "கடந்த பிறந்தநாளுக்கு வாழ்த்து", அவ்வளவுதான். இந்தத் தொடருக்குள் மன்னிப்பும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. நாள் போய்விட்டது எனக்குத் தெரியும், இருந்தாலும் வாழ்த்துகிறேன் என்ற தகவல் மட்டும் இருக்கிறது. நெருங்கியவர்களிடம் முதல் இரண்டு சொல்லோடு நிறுத்தி வெறுமனே "ஸ் ப்ரஷேட்ஷிம்!" என்றாலும் புரியும். ஆனால் நாலு நாள் கழித்து எழுதும்போது அது கொஞ்சம் மொட்டையாக இருக்கும். முழுசாக எழுதுங்கள்.

ஏன் இந்தச் சொற்களுக்கு இப்படி ஒரு வால்? முன்னால் பஸ்த்ரவ்ல்யாயு, அதாவது வாழ்த்துகிறேன், என்ற வினை சொல்லாமலே நிற்கிறது. அந்த வினை "ஸ்" என்ற முன்னிடைச்சொல்லைக் கேட்கும். நம் "ஒடு" உருபு போல வைத்துக்கொள்ளுங்கள்: இன்னதோடு வாழ்த்துகிறேன். "ஒடு" ஏறுவது நாளுக்கு மட்டும்தான், பிறப்பு என்ற சொல் "பிறப்பின்" என்ற வேற்றுமையிலேயே நிற்கும். பிறப்பின் நாளோடு. இதை மறந்து கடைசிச் சொல்லையும் மாற்றி "ரஷ்தேனியெம்" என்று முடிப்பவர்கள் உண்டு. ரஷ்யர்களே செய்கிற பிழை அது, மொழியில் கறாரான ஆட்கள் முகம் சுளிப்பார்கள். இன்னொரு பழக்கம் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்துப் போடுவது. மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். நடுவாக்கியத்தில் இரண்டுமே சிறிய எழுத்தில்தான் வர வேண்டும்.

இனி மன்னிப்பு. எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் உங்கள் பதற்றம் பாதி குறையும். ரஷ்யர்களிடையே பிறந்தநாள் வாழ்த்தைத் தாமதமாகச் சொல்வது சின்ன மறதி. முன்கூட்டியே சொல்வதுதான் பெரிய தப்பு.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. விடுதி வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோரைப் பார்க்கிற அம்மாவை வஹ்த்யோர்ஷா என்பார்கள், உங்களுக்கும் ஒருத்தர் இருந்திருப்பார். எங்கள் வஹ்த்யோர்ஷாவுக்கு மறுநாள் பிறந்தநாள் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் நான் ஊரில் இல்லை. நல்ல பிள்ளையாக ஒரு சாக்லேட் பெட்டியை வாங்கிக்கொண்டு முந்தின நாள் சாயங்காலமே போய் வாழ்த்துச் சொன்னேன். பாதி வாக்கியத்திலேயே கையைத் தூக்கி நிறுத்தினார். இடது தோளுக்கு மேலாகத் "த்ஃபூ த்ஃபூ த்ஃபூ" என்று மூன்று தடவை துப்புவது போல் பாவனை, பிறகு மேசை மரத்தில் விரலை மடக்கி மூன்று தட்டு. பெட்டியை வாங்கிப் பிரிக்காமல் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "திரும்பி வந்தபிறகு சொல்லு, அப்போ கேட்டுக்கிறேன்" என்றார். நாலு நாள் கழித்து வந்து ஸ் ப்ரஷேட்ஷிம் சொன்னேன். அப்போதுதான் பெட்டி வெளியே வந்தது, எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

வராத நாளை வந்ததாகப் பேசினால் கண்பட்டுவிடும் என்பதுதான் நம்பிக்கை. நம்பாதவர்களும் வழக்கத்தை விடுவதில்லை. பிறந்தநாள் செவ்வாயில் விழுந்தால் விருந்தை முந்தைய ஞாயிறுக்கு இழுக்க மாட்டார்கள், அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளுவார்கள். ஆகவே நாலு நாள் கழித்துப் போகிற உங்கள் செய்தி அவள் விருந்து வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாலும் சேரலாம். இதே காரணத்தால் ஒரு சொல்லைக் கவனமாகத் தள்ளி வையுங்கள்: நஸ்துபாயுஷிம், வரப்போகிற. டிசம்பர் 31 அன்று ரஷ்யாவில் யாரைப் பார்த்தாலும் "ஸ் நஸ்துபாயுஷிம்" என்பார்கள், புத்தாண்டுக்கு அது மிகவும் நல்ல வாழ்த்து. அந்தப் பழக்கத்தில் பிறந்தநாளுக்கும் அதைப் போட்டால் நேர் எதிரான வேலையைச் செய்தவர் ஆவீர்கள்.

ஆக, மன்னிப்பு அரை வாக்கியம் போதும். "மிகவும் வெட்கமாக இருக்கிறது, என்னை மன்னிக்கவே முடியாது" என்று நீட்டினால் வாழ்த்தை வாங்க வேண்டியவள் உங்களைத் தேற்றுகிற வேலையில் இறங்க வேண்டியிருக்கும். தோழிக்கு இது போதும்:

```
Прости, что поздно.
```

ப்ரஸ்தி, ஷ்தோ போஸ்னா. "லேட்டாகச் சொல்கிறேன், மன்னிச்சுக்கோ." எழுத்தில் நடுவே ஒரு த இருந்தாலும் போஸ்னாவில் அது ஒலிக்காது, குரல் செய்தி அனுப்புவதாக இருந்தால் கவனியுங்கள். ப்ரஸ்திக்குப் பதில் இஸ்வினி என்றும் போடலாம். இஸ்வினி பஸ்ஸில் காலை மிதித்ததற்குக் கேட்கிற மன்னிப்பு போல லேசானது, ப்ரஸ்தியில் உறவு கொஞ்சம் தெரியும். நான் ப்ரஸ்தியையே எடுப்பேன். இஸ்வின்யாயுஸ் என்று ஒன்று அடிக்கடி காதில் விழும், அது மட்டும் வேண்டாம். சொல்லமைப்பில் "என்னை நானே மன்னித்துக்கொள்கிறேன்" என்பது போல் இருக்கிறது என்று அதைக் கிண்டல் செய்கிறவர்கள் நிறைய. பேச்சில் ஓடிவிடும், எழுத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

வெறும் மன்னிப்பைவிட, ஏன் தாமதம் என்று ஒரே ஒரு சொல்லில் சொன்னால் இன்னும் இயல்பாக இருக்கும். அதற்கென்றே ரஷ்யனில் ஓர் அருமையான வினை இருக்கிறது, ஸமதாத்ஸ்யா. நூலைக் கண்டில் சுற்றுகிற வினையிலிருந்து வந்தது. வேலையில் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோவதை அது சொல்லும். "ஸவ்ஸேம் ஸமதால்ஸ்யா" என்றால் "ஒரே அலைச்சல், மூச்சுவிட நேரமில்லை". மறந்துவிட்டேன் என்று சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும். பொய்யும் இல்லை.

தமிழர்கள் இங்கேதான் வழுக்கி விழுவோம். "அலைந்தேன்" என்று நாம் சொன்னால் சொல்வது ஆணா பெண்ணா என்று தெரியாது. ரஷ்யனில் இறந்தகால வினை ஆண் பெண் காட்டும், சொல்பவர் "நான்" என்றாலும் கூட. நீங்கள் எழுதுவது ஸமதால்ஸ்யா, உங்கள் மனைவி எழுதினால் ஸமதாலஸ். இணையத்தில் கிடைக்கிற ஆயத்த வாழ்த்தை நகல் எடுக்கிற ஆண்கள் பலர் பெண்பாலில் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். தாமதத்தை மன்னிக்கிற தோழிக்கு, நகல் எடுத்தது தெரிந்தால் மனசு சின்னதாகிவிடும். அனுப்பும் முன் இறந்தகால வினைகளை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: உங்களைப் பற்றியது ஆண்பாலில், அவளைப் பற்றியது பெண்பாலில்.

வாழ்த்தின் வயிறு அடுத்து. ரஷ்யர்கள் "ஆரோக்கியம், மகிழ்ச்சி, வெற்றி" என்று மூன்றை அடுக்குவார்கள். வாழ்த்து அட்டையில் அச்சடித்து வருவது அதுதான், ஆகவே அதை மட்டும் எழுதினால் அட்டை போலவே இருக்கும். தாமதமாக வருகிற வாழ்த்துக்கு இது இரட்டிப்புச் சிக்கல். லேட்டும் லேட், ஆயத்த வரியும் ஆயத்த வரி. என் யோசனை, முதல் ஒன்றிரண்டை வழக்கம்போல வைத்துவிட்டு, கடைசியில் அவளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றைச் சேர்ப்பது. அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச வருடம்தான் ஆகிறது என்றால், விடுப்பு அட்டவணையில் ஜூலையும் ஆகஸ்டும் சீனியர்களுக்குப் போய், அவளுக்கு நவம்பரோ பிப்ரவரியோ விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். "இந்த வருஷமாவது லீவு கோடையில் கிடைக்கட்டும்" என்று எழுதுங்கள். சிரித்துவிடுவாள்.

நீங்களும் டாக்டர் என்பதால் கை தானாக "நைட் டூட்டியெல்லாம் அமைதியாகப் போகட்டும்" என்று எழுதப் போகும். எழுதாதீர்கள். அமைதியான டூட்டி என்று யாராவது வாழ்த்தினால் அன்றைக்கு ஆம்புலன்ஸ் வரிசையில் வரும் என்று அங்கே மருத்துவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குர்ஸ்க்கில் வார்டில் நின்றபோது உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம்.

பெயரைக் கூப்பிடுவதிலும் நிறைய அன்பைக் காட்டலாம். அவள் பெயர் நதாஷா என்று வைத்துக்கொள்வோம். நேரில் நெருங்கியவர்கள் கடைசி உயிரை விழுங்கி "நதாஷ்" என்பார்கள், மாஷாவை "மாஷ்" என்பார்கள், அம்மாவையே "மாம்" என்பார்கள். ஆ, யா ஒலியில் முடிகிற பெயர்களுக்குத்தான் இது பொருந்தும். இந்த விளியைச் செய்தியிலும் எழுதலாம், எழுத்தைப் படிக்கும்போதே குரல் கேட்கும். கூடப் படித்தபோது அப்படிக் கூப்பிட்டிருந்தால் இப்போதும் அப்படியே எழுதுங்கள். இல்லையென்றால் முழுச் சுருக்கப் பெயரே போதும், புதிதாக நெருக்கம் காட்ட வேண்டாம். எப்படி இருந்தாலும் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி கட்டாயம்.

எல்லாம் சேர்த்தால் இப்படி வரும்:

```
Наташ, с прошедшим днём рождения!
Прости, что поздно, совсем замотался на работе.
Здоровья тебе, сил и чтобы отпуск
в этом году наконец выпал на лето)
Как отметила?
```

தமிழில் சொன்னால், "நதாஷ், கடந்த பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்! லேட்டாகச் சொல்கிறேன், மன்னிச்சுக்கோ, வேலையில் ஒரே அலைச்சல். உனக்கு ஆரோக்கியமும் தெம்பும் கிடைக்கட்டும், இந்த வருஷமாவது லீவு கோடையில் விழட்டும். எப்படிக் கொண்டாடின?" வரிசையைக் கவனியுங்கள். முதலில் வாழ்த்து, பிறகு மன்னிப்பு. மன்னிப்பில் தொடங்கினால் செய்தி எட்டிப்பார்க்கிற அறிவிப்பில் அவள் முதலில் பார்ப்பது "மன்னிச்சுக்கோ" என்பதாக இருக்கும், ஏதோ கெட்ட செய்தி என்று நினைப்பாள்.

நாலாவது வரியின் கடைசியில் தனியாக நிற்கிற அடைப்புக்குறி தட்டச்சுப் பிழை இல்லை. அது ரஷ்யப் புன்னகை. ரஷ்ய விசைப்பலகையில் முக்காற்புள்ளி போட ஷிப்ட்டோடு 6-ஐ அழுத்த வேண்டும், அந்தத் தொல்லையில்தான் கண்ணை விட்டுவிட்டு வாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். ஒன்று போட்டால் லேசான முறுவல், இரண்டு போட்டால் சிரிப்பு. ஐந்தாறு போட்டால் விடலைத்தனம். உங்களுக்கு ஒன்றே போதும், அந்த ஒரு குறி மன்னிப்பின் கனத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். மஞ்சள் முகங்களை நிரப்புவதைவிட இதுவே அவர்களுக்கு இயல்பு.

எழுத்தில் ё என்பதன் மேல் இரண்டு புள்ளி இருக்கிறது அல்லவா, அதை விட்டுவிட்டு வெறும் е போட்டாலும் யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். அங்கேயே பாதிப் பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள். உச்சரிப்பு மட்டும் த்ன்யோம்தான்.

இதே செய்தியைப் பேராசிரியருக்கு அனுப்ப நினைத்தால் கிட்டத்தட்ட எல்லாமே மாறும். தந்தைவழிப் பெயரோடு விளி, "தி" போய் "வி", அதாவது நீ போய் நீங்கள். ஒருவரை மட்டும் மரியாதையாக விளித்து எழுதும்போது அந்த நீங்களுக்குப் பெரிய எழுத்து. அடைப்புக்குறிப் புன்னகை கூடவே கூடாது. வேலை அலைச்சல் என்ற காரணமும் வேண்டாம், மூத்தவரிடம் அது சாக்குச் சொல்வது போல் ஆகும். அங்கே மன்னிப்பை ஒரு நல்ல பழந்தொடருக்குள் மறைத்துவிடலாம்:

```
Уважаемая Ирина Викторовна!
Поздравляю Вас с прошедшим днём рождения,
хоть и с опозданием, но от всей души.
Желаю Вам крепкого здоровья
и благодарных учеников.
```

"ஹோத் இ ஸ் அபஸ்தானியெம், நோ அத் வ்ஸேய் துஷீ" என்பதுதான் அந்தத் தொடர்: தாமதமானாலும் முழு மனதோடு. மன்னிப்பு என்ற சொல்லே இல்லை, ஆனால் கேட்டாயிற்று. கடைசி வரி நன்றியுள்ள மாணவர்கள் அமையட்டும் என்பது. தாமதமாக எழுதுகிற மாணவரிடமிருந்து வரும்போது அதில் ஒரு மெல்லிய சுயகிண்டலும் ஒளிந்திருக்கும், அவருக்கு அது எட்டும்.

நாலு நாளுக்குப் பதில் ஒரு மாதம் ஆகிவிட்டால்? அப்போது ப்ரஷேட்ஷிம் ஒன்றும் நடக்காதது போல ஒலிக்கும். தோழியிடம் நேராக ஒத்துக்கொள்வதே நல்லது, அதையும் சிரித்துக்கொண்டே:

```
Каюсь, бессовестно пропустил твой день рождения.
Исправляюсь!
```

காயுஸ் என்பது பாவமன்னிப்பில் வருகிற சொல், "என் பாவத்தை ஒப்புக்கொள்கிறேன்". பேச்சில் அதைச் சின்னத் தப்புகளுக்கு விளையாட்டாகச் சொல்வார்கள், பெரிய சொல்லைச் சின்ன விஷயத்துக்குப் போடுவதில்தான் வேடிக்கை. "மனசாட்சியே இல்லாமல் உன் பிறந்தநாளைத் தவறவிட்டேன், இதோ திருந்துகிறேன்" என்பது பொருள். இதற்குக் கீழே வாழ்த்து வரிகளை முன்பு சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் மன்னிப்பு முதலில் வரலாம், ஏனென்றால் அதுதான் நகைச்சுவை.

வாழ்த்தோடு பூங்கொத்தும் அனுப்ப நினைத்தால் ஒற்றைப்படையில் சொல்லிவிடுங்கள், ஐந்து அல்லது ஏழு. இரட்டைப்படைப் பூக்கள் அங்கே கல்லறைக்குப் போவது.

கடைசியாக ஒன்று. "லூச்ஷே போஸ்னா, ச்செம் நிகக்தா" என்ற பழமொழி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒருபோதும் இல்லாததைவிடத் தாமதம் மேல். கை அரிக்கும், ஆனாலும் எழுதாதீர்கள். தாமதமாக வந்தவரே அதைச் சொன்னால் "இதுவாவது வந்ததே என்று சந்தோஷப்படு" என்ற தொனி லேசாக வந்துவிடும். அது வாழ்த்தை வாங்குகிறவர் பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டிய வரி. "எப்படிக் கொண்டாடின?" என்று முடித்திருக்கிறீர்கள் அல்லவா, அவளிடமிருந்து பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்:

```
Спасибо! Да ничего страшного,
лучше поздно, чем никогда)
Ещё не отмечала, в субботу собираемся!
```

"நன்றி! அதனால் ஒன்றுமில்லை, ஒருபோதும் இல்லாததைவிடத் தாமதம் மேல். இன்னும் கொண்டாடவே இல்லை, சனிக்கிழமை கூடுகிறோம்!"